சியாட்டல் போகும் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கிரெடிட்

வணக்கம். வேலை மாற்றலாகிக் கோலாலம்பூரிலிருந்து வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகும் பெற்றோர் கவனத்திற்கு.

நம் வார இறுதி வகுப்புச் சான்றிதழைக் காட்டினால் அங்குள்ள உயர்நிலைப்பள்ளி கிரெடிட், அதாவது படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி, தந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அவர்கள் கேட்பது மொழித்திறன் தேர்வு முடிவு. தமிழுக்கு ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வு இருக்கிறது. எழுதுதல், பேசுதல் என இரண்டு பகுதி.

ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் வரும், அதுதான் பிள்ளையின் நிலை. அம்மாநிலத்தின் முன்மாதிரிக் கொள்கைப்படி நிலை 2க்கு 1 கிரெடிட், 3க்கு 2, 4க்கு 3, 5க்கு 4. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. பேச்சில் 5, எழுத்தில் 3 வாங்கினால் 2 கிரெடிட்தான்.

நம் பிள்ளைகள் சறுக்குவது எழுத்தில்தான். வீட்டில் பேசிப் பேசி வாய் பழகிவிடுகிறது. எழுதச் சொன்னால் மனப்பாடம் செய்த துண்டுத் தொடர்களோடு நின்றுவிடுகிறார்கள். நிலை 4க்குத் தாங்களே அமைத்த முழு வாக்கியங்கள் வேண்டும், 5க்கு அவற்றை விவரத்தோடு விரிக்க வேண்டும். ‘பினாங்கு போனோம், ஜாலி’ போதாது. யாரோடு, எப்படி, ஏன் பிடித்தது என்று எழுதிப் பழக்குங்கள்.

பணம் கட்டுமுன் புதிய பள்ளியின் ஆலோசகருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: எந்தத் தேர்வை ஏற்பார்கள், கண்காணிப்பாளர் யார், எழுத்துப் பகுதி தட்டச்சா கையெழுத்தா? தட்டச்சு என்றால் தமிழ் விசைப்பலகையை இப்போதே பழக்குங்கள். விசையைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

பள்ளிப் படிப்பை முடிக்க அங்கே பொதுவாகக் கேட்பது 2 மொழிக் கிரெடிட். இரு மொழிகளில் திறன் உண்டு என்று காட்டும் அங்கீகாரமான இருமொழி முத்திரைக்குத் தமிழில் நிலை 5 வேண்டும், ஆங்கிலத் தகுதியும் தனியாக வேண்டும்.