மோர்க்குழம்பும் ஆறு வரிப் பாட்டும்

வண்டிப்பாளையம்,
கடலூர்.

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கெடிலத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. ஆயாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அடுப்படியை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது போனில் சொல்கிற விஷயமாகத் தோன்றவில்லை. போன வாரம் உன் தங்கைக்கும் ஆயாவுக்கும் நடந்த ஒரு பேச்சை உனக்கு அப்படியே எழுத வேண்டும் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கயலுக்கு வகுப்பில் குறுந்தொகைப் பாட்டு ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. நீயும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். மறந்திருந்தால் இதோ:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிப்பான குழம்பைக் கணவன் 'இனிது' என்று சாப்பிடுகிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. உ.வே.சாமிநாதையர் 1937இல் கொண்டுவந்த பதிப்பின் உரையும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது என்றாள் கயல்.

அவளுக்குப் பாட்டின் மேல் கோபம். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அழுக்குச் சேலை, எரியும் கண், இவ்வளவுக்கும் கூலி அவன் சொன்ன ஒரே ஒரு சொல், அதற்கு இவள் பூரித்துப்போக வேண்டுமா என்பதுதான் அந்த நாலு பக்கமும். படித்துக் காட்டினாள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்களின் கண்ணில் எவ்வளவு புகை போயிருக்கிறது என்று எனக்கும் தெரியும்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆயா வெண்பூசணி போட்டு மோர்க்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். கயல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். முதல் வரி முடிந்ததுமே ஆயா கேட்டார்கள், "தயிரை எதுக்குடி கையால பிசையுது? மத்து இல்லையா அந்த வீட்ல?"

கயல் அதை யோசித்ததே இல்லை. ஆயாவே சொன்னார்கள். மத்தைப் போட்டுக் கடைந்தால் வெண்ணெய் திரண்டுவிடும். குழம்புக்கு வேண்டியது கட்டி உடைந்த தயிர், அவ்வளவுதான். ஒரு கட்டி நின்றாலும் சூடு ஏறும்போது அங்கேதான் முதலில் திரியும். அதனால் விரலால் பிசைந்து உடைக்கிறாள்.

"அது மோர்க்குழம்புதான் வைக்குது" என்று முடிவாகவே சொல்லிவிட்டு, அடுத்த வரி என்ன என்றார்கள்.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டதைக் கயல் சொன்னாள். அவள் எழுதியிருந்த கோபத்தில் பாதி இந்த வரியில்தான் இருந்தது. ஆயா கரண்டியை விடாமலே சொன்னார்கள், "அடுப்புல தயிர் ஏறியாச்சு. இப்ப எந்திரிச்சிப் போய் சேலை மாத்திக்கிட்டு வந்தா குழம்பு இருக்குமா?"

கயலைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார்கள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். துவரம்பருப்பும் பச்சரிசியும் ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்த விழுது தயிரில் கலந்திருந்தது. அந்த அரிசியும் பருப்பும்தான் தயிரைத் திரியாமல் பிடித்துவைக்கும். அப்படியும் தீ சின்னதாகவே இருக்க வேண்டும், கை நிற்கக் கூடாது. திரிய ஆரம்பித்தால் கரண்டியின் முதுகில் தெரியும். வழவழப்பாகப் படிந்திருந்தது போய், வெள்ளைத் துணுக்குகள் ஒட்டும். ஓரத்தில் மஞ்சளாகத் தண்ணீர் பிரியும். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் பழையபடி சேராது. ஓரம் சுற்றி நுரை கட்டியதும், கொதி வருவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். ஆயா இறக்கினார்கள்.

"துழந்து" என்றாள் கயல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. துழாவி. "தான்துழந்து அட்ட." அந்தத் 'தான்' என்பதற்கு அவள் எழுதியிருந்தது 'உதவிக்கு ஆள் இல்லாமல்' என்று. இப்போது அதை வேறு மாதிரி படித்தாள். கரண்டியை இன்னொருத்தர் கையில் கொடுக்காமல் தானே நின்று செய்திருக்கிறாள்.

அப்புறம் தாளிப்பு. எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது ஆயாவின் முகம் தானாக ஒருபக்கம் திரும்பியது. கயல் அதைப் பார்த்துவிட்டாள். குவளை போன்ற கண்ணில் புகை படிந்தது என்கிற வரியைச் சொன்னாள்.

"அப்ப அது சமையலுக்குப் புதுசு" என்றார்கள் ஆயா. "தெரிஞ்சவ தாளிக்கறப்ப மூஞ்சிய நீட்டுவாளா? கையத் துடைக்க ஒரு கந்தல் பக்கத்துல வெச்சிக்கத் தெரியல. கல்யாணமாயி எத்தினி நாளாவுது அதுக்கு?"

மலர், அந்தப் பாட்டில் வயது இல்லை, நாள் கணக்கு இல்லை. ஆனால் பாட்டின் கீழே ஒரு குறிப்பு உண்டு. கணவன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொன்னது என்று. இந்தக் குறிப்பு புலவர் எழுதியதல்ல, பாட்டுகளைத் தொகுத்தபோதோ பிறகோ சேர்த்தது என்பதால், கயல் அதை ஒரு தகவலாக மட்டும் குறித்துவைத்து நகர்ந்திருந்தாள். ஆயாவுக்குப் பதில் சொல்லத்தான் அதைத் திரும்பப் படித்தாள். "வளர்த்தவ போய்ப் பார்த்துட்டு வந்து பெத்தவகிட்ட சொல்றா ஆயா."

ஆயா அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு சொன்னதை நான் என் ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆயா பண்ருட்டிப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தபோது பதினேழு வயது. அவர்களைத் தூக்கி வளர்த்தது பெரியம்மா. கல்யாணமாகி ஒரு மாதத்தில் அந்தப் பெரியம்மா ஒரு பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு ஆயா தனியாக வைத்த முதல் மோர்க்குழம்பு. பெரியம்மா வந்த சந்தோஷத்தில் திரும்பித் திரும்பிப் பேசியதில் கை நின்றுவிட்டது. குழம்பு திரிந்துவிட்டது. அதையே பரிமாறினார்கள். தாத்தா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். பெரியம்மா அடுப்படி வாசலில், இதோ கயல் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டார்கள்.

அடுத்த முறை தாய்வீட்டுக்குப் போனபோது ஆயாவின் அம்மா கேட்டிருக்கிறார்கள், "கொழம்பு அவ்வளவு நல்லா வெச்சியாமே? மாப்பிள்ள ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாராமே?"

"நான் ஆமான்னுட்டேன்" என்றார்கள் ஆயா. "அம்மா சாகற வரைக்கும் சொல்லல. பெரியம்மாகிட்டயும் கேக்கல."

கயல் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அந்த நாலு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், இரவு பதினோரு மணிக்கு என்னிடம் வந்து சொன்னாள். கடைசி வரியில் மகிழ்ந்தது அவள் என்று பாட்டு சொல்லவில்லை அப்பா. 'மகிழ்ந்தன்று' என்பது அஃறிணை ஒருமை, மகிழ்ந்தது என்று பொருள். இந்தக் காலத்துக் காதுக்கு 'அன்று' என்றதும் இல்லை என்பது போல ஒலிக்கும், ஆனால் இங்கே அது எதிர்மறை அல்ல. எழுவாய் 'முகன்'. முகம் மகிழ்ந்தது, அதுவும் நுண்ணிதாக. செவிலிக்குத் தெரிந்தது முகம் மட்டும்தான். அதைத்தான் சொல்கிறாள். அந்தச் சின்ன மாற்றத்தைக் கணவன் கவனித்தானா என்பதைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. தூக்கி வளர்த்தவள் கண்ணுக்குத்தான் அது தெரிகிறது.

இதை அவள் சொன்னபோது குரல் கொஞ்சம் இடறியது. இவ்வளவு நாள் பாட்டைப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வைத்துப் படித்தேன், அது இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் இருக்கிறது என்றாள். கேட்கிறவள் வீட்டில் உட்கார்ந்து பதைத்துக்கொண்டிருக்கிறவள். அவளுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று செவிலி பொறுக்கி எடுத்திருக்கிறாள். சேலைக் கறையை மறைக்கவில்லை, புகையை மறைக்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு முகத்தைக் கடைசியில் வைத்தாள்.

"குழம்பு நிஜமாவே நல்லா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய கோபத்தை அவள் கிழித்துப் போடவில்லை. முதல் பக்கத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இதை எழுதினாள். வகுப்பில் ஆசிரியை, ஆயா சொன்னதெல்லாம் பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். கயல் பிரித்துச் சொல்லியிருக்கிறாள். பிசைந்த, துழந்து, தான், கழாஅது, இவை பாட்டின் சொற்கள். தயிர் திரியும் என்பது எங்கள் அடுப்படிச் செய்தி. அவள் சமையலுக்குப் புதியவள் என்பது இரண்டையும் சேர்த்து நான் ஊகித்தது. செவிலி பூசி மெழுகியிருக்கலாம் என்பதற்குப் பாட்டில் சான்று இல்லை, ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் இனி என்னால் இதைப் படிக்க முடியாது. இப்படிச் சொன்னாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது, மலர்.

ஏன் உனக்கு இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் உன் சித்தப்பா நாக்பூர் வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினார் இல்லையா, நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார். "நல்லா இருக்காண்ணே, சிரிச்ச முகமா இருக்கா, கத்திரிக்கா கொத்சு செஞ்சு போட்டா, பிரமாதம்" என்றார். அம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் அதே பேச்சு. நானும் சந்தோஷமாகத்தான் தூங்கப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான், சித்தப்பா எதை எல்லாம் சொல்லாமல் விட்டிருப்பார் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அதனால் நீயே எழுது. வேலை எப்படி இருக்கிறது, அந்த ஊர் வெயில் ஒத்துக்கொண்டதா, மாப்பிள்ளை சமையலில் ஏதாவது செய்கிறாரா, எல்லாம் எழுது. கொத்சு அடிப்பிடித்திருந்தால் அதையும் எழுது, அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். ஆயா உன்னிடம் கேட்கச் சொன்னது ஒன்றுதான்: அங்கே தயிர் புளிக்கிறதா?

அன்புடன்,
அப்பா