பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: நிழலை அளந்து உயரம் காணும் செயல்திட்டம் பற்றி

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளைகள் ஒரு வாரமாக உங்கள் செல்பேசியில் கூகுள் எர்த்தைத் திறந்து, நம் கடலூர்த் தெருக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது விளையாட்டில்லை, முக்கோணவியல் பாடத்தின் செயல்திட்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை இதற்காக உங்களிடம் ஒரு சிறு உதவியும் தேவைப்படுகிறது. என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உதவுவது எளிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களின் கூரைதான் தெரியும், உயரம் தெரியாது. ஆனால் பக்கத்தில் விழும் நிழல் தெரியும். சூரியன் தரையிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருந்தது என்பது கிடைத்துவிட்டால் மீதி பாடப்புத்தகக் கணக்குதான்:

உயரம் = நிழலின் நீளம் × tan (சூரியனின் ஏற்றக்கோணம்)

சிக்கல் எங்கே வருகிறது என்றால், படம் எடுத்த தேதியைத் திரையில் காட்டுகிறார்கள், நேரத்தைக் காட்டுவதில்லை. நேரம் தெரியாமல் கோணம் ஏது? இதற்கு எங்கள் கணித ஆசிரியர் சொன்ன வழி, உயரம் தெரிந்த ஒரு கட்டடத்தை அதே படத்தில் பிடித்துக்கொள்வது. ஒரே நொடியில் எடுத்த படத்தில் செங்குத்தாக நிற்கும் எல்லாவற்றுக்கும் உயரத்துக்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் ஒன்றுதான். பள்ளியின் மூன்று மாடிக் கட்டடத்தின் மேலிருந்து டேப்பை இறக்கி அளந்தோம். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 12.6 மீட்டர். ஜனவரி நடுவில் எடுத்த படத்தில் அதன் நிழல் 11 மீட்டர். 12.6-ஐ 11-ஆல் வகுத்தால் 1.145. அதாவது கோணம் ஏறக்குறைய 49 பாகை. இனி அந்தப் படத்தில் எந்த நிழலை அளந்தாலும் 1.145-ஆல் பெருக்கினால் போதும். பக்கத்துத் தெருவின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு 15.5 மீட்டர் நிழல், ஆகவே உயரம் 17.7 மீட்டர்.

இந்த 49 பாகை சரிதானா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிழல் நீளும் திசையே கடிகாரம். நம் படத்தில் நிழல் வடக்கிலிருந்து மேற்காக 37 பாகை சாய்ந்து விழுகிறது. ஜனவரி நடுவில், கடலூர் இருக்கும் அட்சரேகையில், நிழல் அந்தத் திசையில் விழும் நேரம் முற்பகலில் ஒன்றுதான், சுமார் 10.40. அந்த நேரத்துக்குச் சூரியனின் ஏற்றக்கோணத்தைக் கணக்கிட்டால் 49 பாகை வருகிறது. இரண்டு வழியும் ஒத்துப்போயின. இவ்வகைச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் ஒவ்வோர் ஊரையும் முற்பகலில் ஏறத்தாழ ஒரே சூரிய நேரத்தில் கடப்பதுபோல் அனுப்பப்படுகின்றன, அதனால் 10.40 வந்ததில் வியப்பில்லை.

பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று சொல்கிறேன், வீட்டில் கேட்டால் உதவியாக இருக்கும். முதலாவது, நிழலைச் சுவருக்கு நேர் செங்குத்தாக அளப்பது. வடக்குச் சுவரிலிருந்து நேர் வடக்காக அளந்தால் 8.8 மீட்டர்தான் வரும், பள்ளியே 10 மீட்டர் ஆகிவிடும். நிழல் சாய்ந்து விழுவதால், கட்டடத்தின் ஒரு மூலை தரையைத் தொடும் இடத்திலிருந்து, அதே மூலையின் உச்சி நிழல் விழுந்த இடம் வரை கோடு போட வேண்டும்.

எந்த மூலை என்பதும் முக்கியம். செயற்கைக்கோள் பெரும்பாலும் நேர் தலைக்கு மேலிருந்து பார்ப்பதில்லை, சற்றுச் சாய்வாகப் பார்க்கும். படத்தில் தெற்குச் சுவரும் கிழக்குச் சுவரும் தெரிகின்றன என்றால், அது தென்கிழக்கிலிருந்து பார்த்திருக்கிறது. அப்போது கூரை வடமேற்காகத் தள்ளித் தெரியும், நிழலின் தொடக்கம் கூரைக்கு அடியில் மறைந்துவிடும். கூரை விளிம்பிலிருந்து அளந்தால் உயரம் குறையும். சாய்வு 15 பாகை இருந்தாலே நம் பள்ளிக்கு மூன்று மீட்டருக்கு மேல் நிழல் காணாமல் போகும். தென்மேற்கு மூலையோ வடகிழக்கு மூலையோ எடுத்தால் அடி தெளிவாகத் தெரியும், வம்பில்லை.

இரண்டாவது சறுக்கல் நம் ஊர் நெருக்கத்தால் வருவது. திருப்பாதிரிப்புலியூரில் வீடு உள்ள ஒரு மாணவி, மாடி வைத்த தன் வீட்டுக்கு 4 மீட்டர் என்று எழுதி வந்தாள். கணக்கில் தப்பு இல்லை, நிழல் 3.5 மீட்டர்தான். ஆனால் அது தரையில் விழவில்லை, அடுத்த வீட்டு மொட்டை மாடியில் விழுந்திருந்தது. நிழல் எந்தத் தளத்தில் முடிகிறதோ அதற்கு மேலுள்ள உயரத்தைத்தான் இந்தக் கணக்கு கொடுக்கும். அடுத்த வீடு 3.5 மீட்டர் என்று அளந்து கூட்டியதும் 7.5 வந்தது. அப்பா நூல் விட்டு அளந்து பார்த்ததும் அதேதான்.

படத்தின் மாதத்தையும் பாருங்கள். ஏப்ரல் 20-ஐ ஒட்டி நம் ஊரில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நாள்களில் காலை 10.40-க்கே கோணம் 68 பாகை. பள்ளியின் நிழல் 5 மீட்டராகச் சுருங்கிவிடும், நிழலை அரை மீட்டர் தவறாக அளந்தாலும் உயரத்தில் ஒன்றேகால் மீட்டர் பிசகும். ஜனவரியில் அதே தவறு அரை மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதனால்தான் பழைய படங்களில் தேடி டிசம்பர், ஜனவரிப் படங்களை எடுக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரே தெருவில் இரண்டு தேதிப் படங்களை ஒட்டியிருந்தால் விகிதமும் இரண்டாகும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் அனுமதிக்கு மேல் கட்டியதை இதை வைத்துக் காட்டலாமா என்று ஒருவர் கேட்டார்! எத்தனை மாடி என்று சொல்லலாம், எத்தனை அடி என்று சண்டை போட முடியாது.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். ஞாயிறன்று பிள்ளையோடு நீங்களும் மாடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தரை தொடும்வரை விட்டு, அந்த நூலைக் கீழே வந்து டேப்பால் அளந்து எழுதிக்கொடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் யாரும் ஏறவோ எட்டிக் குனியவோ கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியானால் இதைச் செய்யவே வேண்டாம், வீட்டு வரைபடத்தில் உள்ள உயரம் போதும். படிக்கட்டு அறையோ தண்ணீர் டேங்க்கோ மேலே இருந்தால் அது எந்த மூலையில் என்றும் குறித்துவிடுங்கள், நிழலில் அதன் மேடு தனியாகத் தெரியும். தாளைச் செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்