அடுத்த கீமோ டிரிப் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடு

அன்பு பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். ராத்திரியானால் கால்விரல் எல்லாம் எரிகிறது, கைவிரல் நுனி மதமதவென்று இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்று. நான் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் கேட்ட பேச்சுதான் இது, அதே பயம்தான். அதனால்தான் போனில் அவசரமாகச் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

உனக்கு வாரம் ஒருமுறை ஏறுகிற பாக்லிடாக்சல், செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் இருக்கிற நுண்குழாய்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அதனால் புற்று செல் பிரிய முடியாமல் சாகிறது. சிக்கல் என்னவென்றால் நரம்புக்குள்ளும் அதே நுண்குழாய்கள்தான் சத்தை நுனிவரை கொண்டுபோகிற பாதை. கால்விரலுக்குப் போகிற நரம்பு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பிலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் தலைமடை நனைந்திருக்கும்போதே கடைமடை காய்ந்துவிடும் இல்லையா, அப்படித்தான் இதுவும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரல்நுனியில் ஆரம்பித்து மேலே பாதம், கணுக்கால் என்று ஏறும், கைவிரலும் பின்னாலேயே வரும். டோஸ் ஏற ஏற இதுவும் கூடும்.

உனக்கு மொத்தம் 12 டோஸ், 7 முடிந்திருக்கிறது. வெறும் மதமதப்பு மட்டும், வேலை எதுவும் தடைபடவில்லை என்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டே தொடர்வார்கள். ஆனால் நீ இன்னொன்றும் சொன்னாய், தோட்டின் திருகாணியைப் போட முடியாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன் என்று. எனக்கு அங்கேதான் மனசு நின்றுவிட்டது. திருகாணி, ஜாக்கெட் கொக்கி, சில்லறைக் காசைப் பையிலிருந்து தொட்டு எடுப்பது, இதெல்லாம் விரலுக்குத் தெரியவில்லை என்றால் அடுத்த படிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "கொஞ்சம் எரிச்சல் இருக்கு டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "போன வாரம் திருகாணி போட முடிந்தது, இந்த வாரம் முடியவில்லை, எரிச்சலில் ராத்திரி விழித்துக்கொள்கிறேன், மரப்பு பாதத்தின் நடுவரை வந்திருக்கிறது" என்று சொன்னால் உடனே புரியும். மரப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் காலிலேயே ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வை, அடுத்த வாரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சொன்னால் என்ன செய்வார்கள்? ஒரு வாரம் தள்ளிப் போடலாம், அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம், அல்லது இப்படியே போகலாம் என்றும் சொல்லலாம். அவர்கள் கையில் உன் ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறது, எது இழப்பு எது லாபம் என்று நிறுத்துப் பார்க்க அவர்களால்தான் முடியும். நீ மறைத்தால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும். முழு டோஸும் முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களில் சிலருக்கு மரப்பு வருஷக்கணக்கில் நின்றுவிடுகிறது. பலருக்கு மருந்து நின்ற பிறகு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், முதலிலேயே பிடித்தால் குறைவதற்கு வாய்ப்பு அதிகம்.

எரிச்சலுக்கு டுலாக்செட்டின் என்ற மாத்திரை இருக்கிறது. எரிச்சலுக்கும் வலிக்கும்தான் அது உதவும், மரப்புக்கு அவ்வளவாக இல்லை, பலன் தெரிய சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. புற்று திரும்பாமல் இருக்க உனக்குப் பின்னால் டமாக்சிபென் மாத்திரை தருவதாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா என்று கட்டாயம் கேள். நரம்புச் சத்து மாத்திரை, பி காம்ப்ளக்ஸ் ஊசி என்று அத்தை சொல்வதைக் கேட்டு எதுவும் போட்டுக்கொள்ளாதே. பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிட்டைல் கார்னிடின் என்று நரம்புக்கு நல்லதாகச் சொல்லி விற்பதை, மார்பகப் புற்றுக்கு உன் வகை மருந்து எடுத்த பெண்களுக்குக் கொடுத்து சோதித்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள், எடுத்தவர்களுக்குத்தான் மரப்பு அதிகமானது.

சித்திரையில் ஊருக்கு வருகிறேன் என்றாய், பெரிய கோயிலுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னாய். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் வார்டுக்கு வருவார், உனக்கு ஏறுகிற அதே மருந்துதான். உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றியிருக்கிறார். கல் கொதித்திருக்கிறது, அவர் காலுக்கு அது தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து நடந்தபோது சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு அடியிலும் ஈரத்தடம் விழுகிறது என்று பேரப்பிள்ளைதான் சொல்லியிருக்கிறான். பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், சில உடைந்து நீர் வடிகிறது. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த நேரம், இரண்டு நாளில் சீழ் பிடித்து ஜுரம் வந்து கீமோ தள்ளிப்போய்விட்டது. அவருக்கு வலித்திருந்தால் இரண்டாவது அடியிலேயே காலை எடுத்திருப்பார். அதனால் நாம் சாயங்காலம் வெயில் தாழ்ந்து, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போவோம், காலுக்குத் தடிமனான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்.

களத்துமேட்டிலும் கொல்லையிலும் வெறுங்காலோடு இறங்காதே, நெருஞ்சி ஏறினால்கூட உனக்குத் தெரியாது. செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடின, விரல் நெருக்காத ஷூ போடு, போடும் முன்னால் உள்ளே கைவிட்டுப் பார்க்காதே, கையும் மரத்திருக்கிறது, கவிழ்த்துத் தட்டு. தினமும் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார், இல்லை மாப்பிள்ளை பார்க்கட்டும். குளிக்கிற வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார். எரிகிறது என்று ஐஸ் வைக்காதே, மரத்திருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், இரண்டிலும் தோல் புண்ணாவதை நீ உணரமாட்டாய். சோறு வடிப்பதையும் இட்லிப் பானை இறக்குவதையும் இந்த மாதங்களுக்கு வேறு யாராவது செய்யட்டும், அரிவாள்மனைப் பக்கமே போகாதே. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும், பாய், மிதியடி எதுவும் வழியில் கிடக்கக் கூடாது. பாதம் மரத்தவர்கள் இருட்டில்தான் விழுவார்கள்.

இதில் சேராத சிலதும் உண்டு, அது வந்தால் அடுத்த டோஸ் நாளான செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்காதே. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்தாலோ தளர்ந்தாலோ, முதுகுவலியோடு கால் துவண்டாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. காலில் புண் சிவந்து வீங்கினாலும், ஜுரம் 100.4 தொட்டாலும் அப்படித்தான், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதே.

மற்றபடி செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஊசி குத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. திருகாணி விஷயத்தை மறக்காமல் சொல். உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மாப்பிள்ளை சொல்லட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா