கவுனுக்கு மாற்றாகக் கட்டுவதல்ல வெள்ளைப் புடவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்யாணப் புடவைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் கிறிஸ்தவ மணப்பெண்ணின் வெள்ளைப் புடவைக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. ‘மேல்நாட்டு கவுனுக்கு மாற்றாகக் கட்டுவது’ என்ற அந்த வரி சரியில்லை. தென்மாவட்டங்களில் இந்தப் புடவைக்கு ரவிக்கை தைப்பதும், மணப்பெண்ணுக்குக் கட்டிவிடுவதும், தலையில் நெட் வைப்பதுமே எங்கள் பிழைப்பு. முகத்திரை, தலைத்திரை என்றெல்லாம் எழுத்தில் சொன்னாலும் இந்தப் பக்கத்துப் பேச்சில் அது ‘நெட்’தான். கவுன் என்று நினைத்துக்கொண்டு அளவெடுப்பதால்தான் கோயிலில் பாதித் தவறு நடக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வெள்ளை நிறம் வெளியிலிருந்து வந்தது என்பது உண்மைதான். 1840இல் விக்டோரியா மகாராணி வெள்ளை சாட்டினில் மணம் முடித்த பிறகே மேல்நாட்டில் அது பரவலான மணநிறமாயிற்று. ஆனால் தலையை மூடும் பழக்கத்தை நெட் இங்கே கொண்டுவரவில்லை. ஜெபிக்கும்போது பெண்கள் தலையை மூட வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஏற்று, நம் ஊர்க் கோயில்களில் பெண்கள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். மணப்பெண்ணின் முந்தானை மடிப்பெடுத்துத் தோளில் குத்தப்பட்டிருக்கும். இழுத்துத் தலையில் போட முடியாது. அந்த முக்காட்டின் இடத்தில்தான் நெட் வந்து உட்காருகிறது. நெட்டை எடுத்துவிட்டு வேறு பட்டுப் புடவைக்கு மாறியதும், வீட்டு ஜெபத்தில் அதே பெண் முந்தானையை மறுபடியும் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் இது புரியும். ஆகவே நெட்டை முக்காடாகக் கருதி அளவெடுங்கள். இழுபட்டுப் போகும் வால் இந்தப் புடவைக்கு வேண்டாம்.

முதலில் நிறம். சுத்த வெள்ளையைக் கையில் எடுத்தாலே பெரியவர்களுக்கு முகம் மாறும். நம் மண்ணில் அது துக்கத்தின் நிறமும்கூட. அதனால்தான் சரிகை வைத்த அரை வெள்ளையும் சந்தன வெள்ளையும் நிலைத்தன. பட்டுக்கும் அதுவே இயல்பு. பசை நீக்கிய பட்டு நூல் தானாகவே லேசான பாலேட்டு நிறத்தில்தான் இருக்கும். நைலான் நெட் அப்படியல்ல. வெண்மை கூட்ட அதில் சேர்க்கும் பொருள், டியூப்லைட்டிலும் கேமரா பிளாஷிலும் நீலம் பாய்ந்து ஒளிரும். கடையில் தனியாகப் பார்க்கும்போது பளிச்சென்று அழகாகத்தான் தெரியும். காஞ்சிபுரம் பட்டின் மேல் விழுந்ததும் பட்டு பழசாகி மஞ்சளித்தது போலத் தோன்றும். ‘புடவை பழுப்பாக இருக்கிறதே’ என்று கல்யாண ஆல்பத்தைப் பார்த்து வருந்துபவர்கள் பலர். பெரும்பாலும் குற்றம் புடவையில் இல்லை, நெட்டில்தான். நெட் வாங்கப் போகும்போது ரவிக்கைத் துணியில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுபோங்கள். கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்தில் துணியின் மேல் நெட்டை இரண்டு மடிப்பாகப் போட்டுப் பாருங்கள். பிறகு செல்போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் நெட் துணியோடு கலந்து தெரிந்தால் வாங்கலாம். முதலில் புடவை, அடுத்து ரவிக்கை, கடைசியாக நெட் என்பதே வாங்கும் வரிசை.

உள்பாவாடையும் அதே அரை வெள்ளையில் இருக்கட்டும். பளீர் வெள்ளைப் பாவாடை மெல்லிய டிஷ்யூ புடவைக்குள் பட்டையாகத் தெரியும். ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். பிறகு சுருங்கினால் கரை அலையலையாக நெளிந்துவிடும், அது வெள்ளையில் மறைவதேயில்லை.

இனி நெட்டின் அளவு. மணப்பெண்ணின் உயரம் 5 அடி 2 அங்குலம், செருப்பின் உயரம் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து உச்சி 64 அங்குலம். நெட்டைப் பிடிக்கும் சீப்பு கொண்டைக்கு மேலே குத்தப்படும், அது தரையிலிருந்து சுமார் 60 அங்குலம். தரைவரை விட்டால் இந்த 60 அங்குலமும் வேண்டும். ஆனால் புடவைக்கு அடியில் 3 அங்குலச் சரிகைக் கரை இருக்கிறது. அந்தக் கரை முழுசாகத் தெரிய வேண்டுமானால் நெட் அதற்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். ஆகவே தொங்கும் நீளம் 56 அங்குலம் போதும். மேலே சுருக்கம் பிடித்துத் தைக்க 2 அங்குலம் சேர்த்தால் 58. ஒன்றரை மீட்டர் வாங்கினால் 59 அங்குலம் வரும், காரியம் முடிந்தது.

அகலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நெட் 54 அங்குல அகலத்திலும் 108 அங்குல அகலத்திலும் கிடைக்கும். கவுனுக்கு 108 பொருந்தும், அங்கே முதுகில் மூடக்கூடாதது எதுவும் இல்லை. புடவைக்கு முதுகில் முந்தானை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து நெய்த சரிகைத் தலைப்பின் மேல் 108 அங்குலத்தைச் சுருக்கிப் போட்டால், அது புகை போலப் பொங்கி நின்று தலைப்பை முழுக்க மறைத்துவிடும். 54 அங்குலத்தை ஓட்டுத்தையல் போட்டு 4 அங்குலச் சீப்பில் சுருக்கினால் வேண்டிய கொசுவம் கிடைக்கும், தலைப்பும் அதன் வழியே தெரியும். கீழ் மூலைகள் இரண்டையும் வளைவாக வெட்டிவிடுங்கள். கூரான மூலைதான் முதலில் காலில் மாட்டும்.

கட்டும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒரே விஷயம், பட்டு கனத்தில் கீழே விழும், நெட் காற்றில் எழும் என்பது. எழும் நெட் எங்கே கொக்கி கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். இடது தோளில் முந்தானையைக் குத்தும் ஊக்குதான் முதல் எதிரி. அதை ரவிக்கையின் உட்புறத்திலிருந்து குத்துங்கள், மேலே ஊக்கின் உலோகம் தெரியவே கூடாது. முதுகில் கொக்கி வைத்த ரவிக்கையானால் அதன் மேல் ஒரு மடிப்புத் துணி மூடியிருக்கட்டும். கல் வைத்த தலைப்பானால், பசையில் ஒட்டிய கல் நெட்டை இழுக்காது. சிறு உலோக நகங்களில் பிடித்த கல் இழுக்கும். தலைப்பு முழுதும் நகக் கல் என்றால் நெட்டைத் தோள்பட்டையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

முழங்காலிடும்போது இன்னொரு சிக்கல். பலிபீடத்தின் முன் முழங்காலிட்டால் கொசுவம் முழங்காலுக்கு அடியில் மாட்டும், எழும்போது இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு வரும். கொசுவத்தை இடுப்புக்கு ஓர் அங்குலம் கீழே பாவாடையோடு சேர்த்துக் குத்தி, குனியும் முன் இடது கையால் இரண்டு விரற்கடை தூக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். நின்றால் தரையைத் தொடாத நெட், முழங்காலிட்டதும் பின்னால் தரையில் பரவிக் கிடக்கும். எழுவதற்கு முன் தோழி அதைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் குதிகால் அதன் மேல் ஏறி, சீப்பு தலைமுடியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இப்போது தாலி. கவுனோடு ஒப்பிடுபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். சிலுவையோ புறாவோ வேதப்புத்தகமோ பொறித்த தாலியைப் போதகரோ குருவானவரோ ஜெபித்துக் கொடுக்க, மாப்பிள்ளை முன்னால் நின்றபடி கைகளைப் பெண்ணின் பிடரிக்குக் கொண்டுபோகிறார். பல குடும்பங்களில் மிச்ச முடிச்சை நாத்தனார் போடுகிறார். அந்த இடத்தில்தான் நெட் தொங்குகிறது. அவசரத்தில் நெட்டின் ஓர் ஓரமும் முடிச்சுக்குள் போய்விடும். அது தெரியாமல் நெட்டைக் கழற்றும்போது கிழியும், அல்லது போட்ட முடிச்சையே தளர்த்த வேண்டி வரும். அந்த முடிச்சில் கை வைக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார்.

இதைத் தவிர்க்கும் வழி கொண்டை போடும்போதே தொடங்குகிறது. கொண்டையைப் பிடரியிலிருந்து மூன்று விரல் மேலே நிறுத்துங்கள். மல்லிகையைக் கொண்டையைச் சுற்றியே வையுங்கள், சரமாகத் தொங்கவிடாதீர்கள். சீப்பு கொண்டைக்குக் கீழே வந்தால் நெட் நேராகப் பிடரியில் விழும். மேலே குத்தினால் மொத்த நெட்டையும் ஒரு கையில் அள்ளிவிடலாம். தாலியை ஜெபிக்கத் தொடங்கும்போதே தோழி அதை அள்ளி வலது தோள்வழியாக முன்னே கொண்டுவந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் முந்தானை இருப்பதால் வலப்பக்கம்தான் தோதுப்படும். முகத்தை மூடும் துண்டு வேண்டும் என்பவர்கள் அதைத் தனிச் சீப்பில் வையுங்கள். முகத்தைத் திறந்ததும் அதை மட்டும் உருவிவிடலாம்.

தாலி மஞ்சள் கயிற்றில் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அன்று காலையில் மஞ்சள் பூசிய ஈரக் கயிறு வெள்ளை ரவிக்கையின் கழுத்தில் கறை வைக்கும். இரண்டு நாள் முன்பே பூசி நிழலில் உலர்த்தி, ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டக் கூடாது. கறை பட்டுவிட்டால் சோப்புப் போடாதீர்கள், காரம் பட்ட மஞ்சள் சிவப்பாக மாறும். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுக்கும், ஆனால் அதே வெயில் பட்டைப் பழுப்பாக்கும். உலர்சலவைக்காரரிடம் கறையைக் காட்டி, மஞ்சள் என்று சொல்லிக் கொடுப்பதே வழி.

கையில் பிடிக்கும் பூச்செண்டில் லில்லி இருந்தால் மகரந்தக் காம்புகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். அந்த ஆரஞ்சுத் தூள் பட்டில் விழுந்தால் தட்டவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், இரண்டுமே தூளை நூலுக்குள் இறக்கிவிடும். செலோடேப்பை மெல்ல ஒற்றி எடுத்தால் வந்துவிடும். மண்டபத்தில் மாலை போடுவதற்கு முன்பு நெட்டைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் தெளித்த ரோஜா மாலை நெட்டை நசுக்கி, அடியில் பட்டிலும் இதழின் சாயத்தை இறக்கும்.

வெள்ளிச் சரிகை வைத்த புடவையை ஒருநாள் உடுத்திய வியர்வையோடு மடித்து வைத்தால் கறுக்கும். சலவை முடிந்ததும் பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். பூச்சி உருண்டை சரிகையைத் தொடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நெட்டை அதே பெட்டியில் வைப்பதானால் சீப்பைக் கழற்றிவிட்டு வையுங்கள், அதன் கம்பி துருப்பிடித்தால் கறை இரண்டுக்கும் சேர்ந்தே வரும்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரத் தொழிலில் உள்ள வாசகியர்,
நாகர்கோவில்.