சாய்வைக் கேளுங்கள், வெட்டுத்துண்டைக் கேட்காதீர்கள்: ஒளிமின் விளைவு வினாக்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மேல்நிலை இயற்பியலுக்கு வழிகாட்டி நூல் எழுதுவோருக்கும், செய்முறைத் தேர்வுக்கு வினா அமைப்போருக்கும்,

வணக்கம். "ஒளிமின் விளைவை அலைக்கொள்கையால் ஏன் விளக்க முடியவில்லை?" என்பது நீங்கள் விரும்பிக் கேட்கும் வினா. அதற்கு மாணவர்கள் எழுதும் விடை எனக்கும் உங்களுக்கும் மனப்பாடம். ஒளியின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரானின் வேகம் கூட வேண்டும், கூடவில்லை. எந்த அதிர்வெண்ணிலும் உமிழ்வு நடக்க வேண்டும், நடக்கவில்லை. மங்கிய ஒளியில் தாமதம் தெரிய வேண்டும், தெரியவில்லை. மூன்று வரி, மூன்று மதிப்பெண்.

இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் வரலாற்றில் அலைக்கொள்கைக்காரர்கள் இந்த மூன்று வரியைக் கேட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒப்புக்கொள்ள அவர்களுக்குக் காரணமும் இருக்கவில்லை. அவர்களைத் திணறவைத்தது ஒரு நேர்கோட்டின் சாய்வு. அதைத்தான் நம் வினாத்தாள்கள் ஓரமாக ஒதுக்கிவைத்திருக்கின்றன. அந்தக் கோட்டை வரையச் சொல்லும் செய்முறை வினாவிலோ, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டு மாணவரைத் தவறான விடைக்கே தள்ளுகிறோம்.

முதலில் லெனார்டின் கதை. 1902-இல் அவர் செய்த சோதனையில், கார்பன் வில் விளக்கின் ஒளிச் செறிவை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை மாற்றிப் பார்த்தார். வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை செறிவோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அவற்றைத் தடுத்து நிறுத்தத் தேவைப்பட்ட எதிர் மின்னழுத்தம் மட்டும் அசையவில்லை. அலைக்கொள்கை அங்கேயே வீழ்ந்தது என்றுதான் நாம் எழுதுகிறோம். லெனார்டு அப்படி நினைக்கவில்லை. அணுவுக்குள் எலக்ட்ரான் ஏற்கெனவே வேகமாகத்தான் இயங்கிக்கொண்டிருக்கிறது. சரியான அதிர்வெண்ணில் வரும் அலை ஒத்ததிர்வால் அதன் கட்டை அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவுதான் என்றார். எலக்ட்ரானின் வேகம் அணுவின் சொத்து. ஒளி வெறும் தூண்டுகோல். இப்படிப் பார்த்தால் செறிவைப் பொறுத்து வேகம் ஏன் மாறவில்லை என்பதும் புரிகிறது, தாமதம் ஏன் இல்லை என்பதும் புரிகிறது, அதிர்வெண் ஏன் முக்கியம் என்பதும் ஓரளவு புரிகிறது. மூன்று வரி விடைக்கும் பதில் இருந்தது. அன்றைய இயற்பியலாளர்களில் பலர் இந்த விளக்கத்தோடு சில ஆண்டுகள் நிம்மதியாகவே இருந்தார்கள்.

தாமதக் கணக்கையும் சற்றுப் பாருங்கள். ஒரு வாட் ஒளியை எல்லாத் திசையிலும் பரப்பும் விளக்கிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் பொட்டாசியம் தகடு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் விழுவது 0.08 வாட். அணுவின் ஆரத்தை 10⁻¹⁰ மீட்டர் என்று வைத்தால், அதன் பரப்பில் விழும் ஒளி நொடிக்கு 2.5 × 10⁻²¹ ஜூல். வெளியேறத் தேவையான 2.3 எலக்ட்ரான் வோல்ட்டைச் சேர்க்க இரண்டரை நிமிடம் ஆகும். லாரன்ஸும் பீம்ஸும் 1928-இல் அளந்தபோது, தாமதம் ஏதேனும் இருந்தால் அது 3 × 10⁻⁹ நொடிக்குள்தான் என்று தெரிந்தது. முரண்பாடு பெரியதுதான். ஆனால் ஒத்ததிரும் அணு தன் உடல் பரப்பைவிட மிகப் பெரிய பரப்பிலிருந்து அலையின் ஆற்றலை உறிஞ்ச முடியும் என்பதால் அந்த இரண்டரை நிமிடம் நொடியின் சிறு பின்னமாகச் சுருங்கிவிடும். எனவே இந்தக் கணக்கை மட்டும் நம்பி வழக்கை நடத்துவது சரியில்லை.

இனி ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னதற்கு வருவோம். ஒளி hν என்ற பொதிகளாக உறிஞ்சப்பட்டால், ஓர் எலக்ட்ரான் ஒரு பொதியை முழுசாக வாங்கி, உலோகத்தை விட்டு வெளிவர φ என்ற வெளியேற்று ஆற்றலைச் செலவழித்து, மீதியோடு ஓடும். eV₀ = hν − φ. இதில் பயன்தொடக்க அதிர்வெண்ணும் இருக்கிறது, செறிவு சாராமையும் இருக்கிறது. லெனார்டின் விளக்கத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வு எந்த உலோகமானாலும் h/e ஆக இருக்க வேண்டும். வேகம் அணுவின் சொந்தச் சொத்து என்றால் சோடியத்துக்கும் லித்தியத்துக்கும் ஒரே சாய்வு வர ஒரு காரணமும் இல்லை.

அன்று இப்படி ஒரு கோட்டை வரைந்து காட்டும் அளவுக்குத் தரவு யாரிடமும் இல்லை. சிகாகோவில் மில்லிகன் பத்தாண்டு அளவுக்கு இதில் உழைத்தார். காற்றுப் பட்டால் கார உலோகத்தின் பரப்பு உடனே கெட்டுவிடும். அதனால் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து மின்காந்தத்தால் இயக்கி, ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்பு உலோகத்தின் மேல்தோலைச் சீவினார். 1916-இல் அவர் வெளியிட்ட h மதிப்பு 6.57 × 10⁻²⁷ எர்க் நொடி. சூடான பொருள்கள் உமிழும் கதிர்வீச்சை ஆராய்ந்து பிளாங்க் பெற்றிருந்த மதிப்பு 6.55 × 10⁻²⁷. உலைக்குள் ஒளிரும் வெப்பத்துக்கும் வெற்றிடக் குழாயில் சீவிய சோடியத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்குத்தான் அலைக்கொள்கையிடம் பதில் இல்லை. (மில்லிகனும் அப்போது ஒளித்துகளை ஏற்கவில்லை. சமன்பாடு சரி, அதற்குப் பின்னாலுள்ள கருத்து நிற்காது என்றே எழுதினார். உண்மையை உண்மையாகவே அளந்து வெளியிட்ட மனிதர், வேறென்ன சொல்ல.)

சரி, நம் ஆய்வகத்துக்கு வருவோம். பாதரச விளக்கு, வடிகட்டிகள், பொட்டாசியக் கேத்தோடு கொண்ட ஒளிமின்கலம். பொட்டாசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.30 எலக்ட்ரான் வோல்ட். பாடநூல் சமன்பாட்டின்படி 435.8 நானோமீட்டர் நீலக் கோட்டுக்கு நிறுத்து மின்னழுத்தம் 0.545 வோல்ட், 404.7 ஊதாவுக்கு 0.764, 365.0 புறஊதாவுக்கு 1.097 வர வேண்டும். முதலுக்கும் கடைசிக்கும் வேறுபாடு 0.552 வோல்ட், அதிர்வெண் வேறுபாடு 1.334 × 10¹⁴ ஹெர்ட்ஸ். வகுத்தால் 4.138 × 10⁻¹⁵. எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 6.63 × 10⁻³⁴ ஜூல் நொடி. அழகு.

ஆனால் மாணவரின் வோல்ட்மீட்டர் இந்த எண்களைக் காட்டாது. ஆனோடும் ஓர் உலோகம். அதற்கும் ஒரு வெளியேற்று ஆற்றல் உண்டு. இரண்டு உலோகங்களைக் கம்பியால் இணைத்தவுடன் அவற்றுக்கிடையே தொடுகை மின்னழுத்த வேறுபாடு ஒன்று உருவாகி, எலக்ட்ரான் கடக்கும் வெளியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கேத்தோடின் φ முழுவதுமாக அடிபட்டுப்போகும். வோல்ட்மீட்டர் காட்டுவது hν-இலிருந்து ஆனோடின் வெளியேற்று ஆற்றலைக் கழித்த மதிப்பு.

ஆனோடின் மதிப்பு 2.80 என்று வைத்துக்கொள்வோம். அளவீடுகள் 0.045, 0.264, 0.597 என்று வரும். சாய்வில் ஒரு மாற்றமும் இல்லை. h சரியாகவே கிடைக்கும். வெட்டுத்துண்டோ 2.80. மாணவர் அதைப் பொட்டாசியத்தின் வெளியேற்று ஆற்றல் என்று எழுதுகிறார். கோட்டை அச்சு வரை நீட்டி, பயன்தொடக்க அலைநீளம் 443 நானோமீட்டர் என்கிறார். உண்மையான மதிப்பு 540-க்கு அருகில். தேர்வாளர் அட்டவணையைப் பார்த்து "பிழை அதிகம்" என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார். மாணவர் அளந்ததில் பிழையே இல்லை. நாம் கேட்டதில்தான் பிழை. அடுத்த ஆண்டு மாணவர்கள் விவரம் தெரிந்து, 2.30 வரும்படி புள்ளிகளை நகர்த்திவைக்கிறார்கள்.

இதை அங்கேயே சோதிக்கலாம். 500 நானோமீட்டர் அளவில் ஒளிரும் எல்.இ.டி. ஒன்றை எடுத்து, ஆனோடுக்குச் சில வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுத்துக் கலத்தின் மேல் ஒளியை விழச் செய்யுங்கள். 443-க்கு மேல் உமிழ்வே கிடையாது என்று கோடு சொல்கிறது. அம்மீட்டர் முள் அசைகிறது. பயன்தொடக்க அதிர்வெண்ணை இப்படி, உமிழ்வு உண்டா இல்லையா என்று நேரடியாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதும் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. 546.1 நானோமீட்டர் பச்சைக் கோட்டின் ஆற்றல் 2.27 எலக்ட்ரான் வோல்ட், தேவைக்கு 0.03 குறைவு. அறை வெப்பநிலையில் சில எலக்ட்ரான்களிடம் அந்த அளவு வெப்ப ஆற்றல் கூடுதலாக இருக்கும் என்பதால் மெல்லிய மின்னோட்டம் கசியத்தான் செய்யும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய கலங்களில் கேத்தோடின் பொட்டாசியம் மெல்ல ஆவியாகி ஆனோடிலும் படிந்திருக்கும். சிதறிய ஒளி அங்கே பட்டால் ஆனோடும் எலக்ட்ரானை உமிழும், எதிர்த்திசை மின்னோட்டம் வரும். மின்னோட்டம் சுழியாகும் புள்ளி அப்போது நிறுத்து மின்னழுத்தம் அல்ல. இரண்டு மின்னோட்டங்கள் சமமாகும் புள்ளி, அவ்வளவுதான். வடிகட்டி வழியே புறஊதா கசிந்தாலும் அளவீடு கெடும். இவை இரண்டும் விளக்கின் ஒளியோடு சேர்ந்தே குறைவதால் தொலைவை மாற்றி இவற்றைப் பிடிக்க முடியாது. ஆனாலும் கருவியைச் சரிபார்க்க முதல் சோதனை ஒன்று உண்டு: விளக்கை இரு மடங்கு தொலைவுக்குத் தள்ளுங்கள். மின்னோட்டம் சுமார் கால் பங்காகக் குறைந்து, மின்னழுத்தம் அப்படியே நின்றால் நல்லது. மின்னழுத்தமும் நகர்ந்தால் கலத்தின் மின்கசிவையும் அறைக்குள் வரும் வெளியொளியையும் சந்தேகப்படுங்கள். லெனார்டின் கண்டுபிடிப்பு இங்கே கருவியின் நலம் பார்க்கும் சோதனையாகிறது.

"அலைக்கொள்கை" என்று நாம் எழுதும் சொல்லையும் சற்று இறுக்கிக்கொள்ள வேண்டும். தோற்றது, எலக்ட்ரான் அலையிலிருந்து ஆற்றலைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறது என்ற பழைய படம். உலோகத்தை மட்டும் குவாண்டம் முறையில் எடுத்துக்கொண்டு ஒளியை அலையாகவே வைத்தாலும் eV₀ = hν − φ கிடைத்துவிடும் என்று 1960-களின் இறுதியில் லாம்பும் ஸ்கல்லியும் காட்டினார்கள். ஒற்றை ஒளித்துகள் பாதி ஊடுருவும் ஆடியில் பிரியாமல் ஒரு பக்கம் மட்டுமே போகிறது என்பதை 1986-இல் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் காட்டிய சோதனை வேறு வகை. இதைப் பள்ளி மாணவருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; "ஒளிமின் விளைவு ஒளித்துகளை நிரூபித்துவிட்டது" என்ற வாக்கியத்தை நூலிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

செய்முறை வினாவை இப்படி மாற்றலாம்: "தரப்பட்ட கலத்தில் மூன்று பாதரசக் கோடுகளுக்கு நிறுத்து மின்னழுத்தம் அளந்து, சாய்விலிருந்து h காண்க. ஒரு கோட்டுக்கு விளக்கின் தொலைவை இரட்டித்து மீண்டும் அளக்க. கோட்டை நீட்டிக் கிடைக்கும் வெட்டுத்துண்டு எந்தத் தகட்டின் வெளியேற்று ஆற்றல் என்று காரணத்துடன் கூறுக." கருவி ஒன்றும் புதிதாக வாங்க வேண்டாம். மூன்றாம் பகுதிக்கு "கேத்தோடு" என்று எழுதியவருக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்