தம்பி, இரண்டு பானையாக வை

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலகப் பொங்கல் விழாவை இந்த வருடம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். கரும்பு, மஞ்சள் கொத்து, கோலப்பொடி என்று ஒரு பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள். விழா கோணிக்கொள்வது அந்தப் பட்டியலில் இல்லை, பானையில்தான். அதனால் பானையைப் பற்றியே எழுதுகிறேன்.

மொத்தம் 60 பேர், இடம் மொட்டைமாடி என்று சொன்னாய். ஒரே பெரிய பானையாக வாங்க நினைக்காதே. 5 லிட்டர் கொள்ளும் பானை இரண்டு போதும். ஒரு பானைக்கு அரை கிலோ பச்சரிசியும் 125 கிராம் பாசிப்பருப்பும் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து ஆளுக்கொரு சிறிய கிண்ணம் தாராளமாக வரும். ஏன் இரண்டு என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம் நேரம். 10 லிட்டர் தண்ணீர் ஒரு சாதாரண பர்னரில் கொதிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டம் செல்போனுக்குள் போய்விடும், மேலாளர் ஒரு மீட்டிங்குக்குக் கிளம்பிவிடுவார். 5 லிட்டர் பானை 20, 25 நிமிடத்தில் பொங்கிவிடும். கெட்டிலில் சுடவைத்த நீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் இன்னும் சீக்கிரம். இரண்டாவது காரணம்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பானை பொங்காமல் வெறுமனே கொதித்துக்கொண்டே இருப்பது அலுவலகங்களில் சர்வசாதாரணம். வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் பொங்காது. குமிழி எழுந்து உடைந்துவிடும். குமிழி உடையாமல் நுரையாக அடுக்கிக்கொண்டு மேலே வர, பாலின் புரதமோ அரிசியின் மாவுச்சத்தோ வேண்டும். கழுநீரில் உலை வைக்கும் பழக்கத்தில் இந்த விஷயம் அடங்கியிருக்கிறது. அரிசியை முதல்முறை களைந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது களைந்த நீரை எடுத்து வை. ஒரு பானைக்கு அந்த நீர் 4 லிட்டர், பால் அரை லிட்டர். பானையின் கழுத்துவரை ஏற வேண்டும். பாதிப் பானை ஊற்றிவிட்டு "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்திருந்தால் மாலைவரை காத்திருக்கலாம். அகன்ற அண்டாவிலும் இதே கதைதான், நுரை பரவிப் படுத்துவிடும். கழுத்து குறுகிய பானையே சரி.

பொங்கி வழிந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் நீரை முகந்து தனியாக வை. அதைக் கொட்டிவிடாதே, இறுகும்போது திரும்ப ஊற்ற அதுதான் வேண்டும். பிறகு அரிசியும் பருப்பும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எல்லோரும் ஆளுக்கொரு கை அரிசி போடட்டும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கைப்பிடி 40 கிராம் என்று வைத்தாலும் 60 பேருக்கு 2 கிலோவுக்கு மேல் போகும். இரண்டு பானையிலுமாக உனக்கு வேண்டியது 1 கிலோ. மிச்சம் அடியில் பிடித்துக் கரிந்து, மேலே அரைவேக்காடாக நிற்கும். அளந்த அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டி வைத்து, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்துப் போடச் சொல். கடைசியில் தாம்பாளத்தில் மீதி இருப்பதை நீ கொட்டிவிடு.

அரிசி விரலால் நசுக்கினால் மசியும்வரை வெல்லத்தைக் கிட்டே கொண்டுவராதே. வெல்லம் சேர்ந்துவிட்டால் அரிசி அதற்குமேல் வேகாது. ஒரு பானைக்கு முக்கால் கிலோ வெல்லம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மண் தங்கிய கடைசி வாயை விட்டுவிட்டு ஊற்ற வேண்டும். வெல்லம் சில சமயம் புளிப்பேறி இருக்கும், சூடான பாலோடு சேர்ந்தால் திரியும். முன்தினமே ஒரு கரண்டிப் பாலில் சிறு துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்துவிடு. நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் எல்லாம் உங்கள் சந்தா வசூலைப் பொறுத்தது. 10.30க்குப் பொங்கினால் 11.30க்குக் கிண்ணத்தில் இருக்கும்.

மண்பானைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இருந்தால், முன்தினம் முழுக்க அது தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும், தீ சிறிதாகத் தொடங்க வேண்டும், சுட்ட பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் விரிசல்தான். பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா பார். கட்டட நிர்வாகம் தீ மூட்டவே கூடாது என்று சொல்லி இண்டக்‌ஷன் அடுப்புக்கு இறங்கினால், மண்ணும் பித்தளையும் அதில் வேலைக்கு ஆகாது. அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பானை வாங்கிக்கொள்.

கேஸ் அடுப்பு என்றால் ஒன்றை மட்டும் மறக்காதே. பானை பொங்கி வழியும்போது பர்னர் அணைந்துவிடக்கூடும். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருப்பார்கள், தீ இல்லாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு நிமிடமும் ஒருவர் திருகின்மேல் கை வைத்தபடி நிற்க வேண்டும், போட்டோவில் அவர் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவர் பருத்தி உடுத்தியவராக இருக்கட்டும். பாலியஸ்டர் சேலையின் முந்தானையும் பட்டு அங்கவஸ்திரமும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். அந்த எல்லையைக் கயிறு கட்டிக் காட்டுவதைவிடக் கோலம் போட்டுக் காட்டுவது அழகு. வழிந்த பால் டைல்ஸில் வழுக்கும். அடுப்பை மணல் பரப்பிய தட்டின்மேல் வை. வீட்டு சிலிண்டரை அலுவலகத்துக்கு எடுத்து வருவது விதிப்படி தவறு, வாடகைப் பாத்திரக்காரரிடம் வணிக சிலிண்டரோடு அடுப்பு கேள்.

இப்போது அந்த இரண்டாவது காரணம்.

பொங்கலை உழவர் திருநாளாக எல்லோரும் கொண்டாடலாம் என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ தேவாலய வளாகங்களிலேயே பானை வைக்கிறார்கள். சிக்கல் படையலில் வருகிறது. விளக்கேற்றி, பானைக்கு விபூதி இட்டு, சூரியனுக்குக் கற்பூரம் காட்டிய பின் அந்தப் பொங்கல் சிலருக்குப் பிரசாதம், சிலருக்கு உண்ணக் கூடாத உணவு. பல இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரும் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். அது உன்மீதான கோபமில்லை, அவர்களுடைய மார்க்கக் கட்டுப்பாடு. ஒரே பானை வைத்தால் அவர்கள் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். விழா முடிந்து ஓரங்களில் நிற்கும் தொடாத கிண்ணங்களைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும்.

படைப்பதற்கு முன்பே அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதே. படைக்கும் முன் பானையில் கரண்டி விழுவதைப் பூஜை செய்பவர்கள் பொறுக்க மாட்டார்கள். படையலையே எடுத்துவிடுவது ஒரு வழி, பொங்க வைத்து, குரல் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போவது. பல அலுவலகங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வழக்கமாகப் பூஜை நடந்த இடத்தில் அதை ஓசையில்லாமல் வெட்டினால், "யாருக்காக எடுத்தார்கள்?" என்ற பேச்சு கிளம்பும். அந்தப் பழி கேட்கவே கேட்காத இரண்டு மூன்று பேர்மேல் விழும்.

அதனால் இரண்டு பானை. இரண்டுக்கும் ஒரே மஞ்சள் கொத்து, ஒரே நேரம் தீ, எது முதலில் பொங்கினாலும் ஒரே குரல். பொங்கிய பிறகு ஒன்று மட்டும் பூஜைக்குப் போகட்டும். மற்றதற்கு விபூதி குங்குமம் இல்லை, கற்பூர ஆரத்தி இல்லை. கரண்டியும் தனித்தனி. "படைத்தது", "படைக்காதது" என்று இரண்டே அட்டை. "முஸ்லிம் நண்பர்களுக்கு" என்று எழுதி ஒட்டிவிடாதே! அந்த அட்டையைப் பார்த்து யாரும் கிட்டே வர மாட்டார்கள். படைக்காத பானையில் எல்லோரும் எடுப்பார்கள், அதுதான் உனக்கு வேண்டியது.

அவர்களை மட்டும் தனியாக அழைத்து "உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்பதும் வேண்டாம். முகத்துக்கு நேராக யார்தான் இல்லை என்பார்? 60 பேருக்கும் ஒரே படிவம் அனுப்பு: எதைச் சாப்பிட மாட்டீர்கள்? அந்த ஒரு கேள்வியில் சர்க்கரை நோய்க்காரருக்கு வெண்பொங்கல் வேண்டும் என்பதும், பாலும் நெய்யும் சாப்பிடாதவர் இருப்பதும் சேர்ந்தே தெரியவரும். குத்துவிளக்கை ஏற்ற ஒரு இஸ்லாமியரையோ கிறிஸ்தவரையோ முன்னால் இழுத்துவிட்டு ஒற்றுமைக்குப் படம் எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சிலர் விரும்பிச் செய்வார்கள், சிலர் சங்கடத்தோடு செய்வார்கள், இரண்டும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். வாசலில் சந்தனம் குங்குமத்தையும் நெற்றியில் இட்டுவிடாமல் தட்டை மேசைமேல் வைத்துவிடு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நாளைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடு, ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் உண்டு. 2030 பொங்கல் ரம்ஜான் நோன்புக்குள் வருகிறது. அப்போதும் இந்தப் பொறுப்பு உன்னிடமே இருந்தால், படைக்காத பானையிலிருந்து பார்சல் கட்ட டப்பா வாங்கிவை.

உடை விஷயத்தில் அறிவிப்பின் வார்த்தை முக்கியம். "வேட்டி, சேலை" என்று எழுதினால் அசாமிலிருந்து வந்தவர் கடன் வாங்கிக் கட்ட வேண்டியிருக்கும். "அவரவர் ஊர் உடை, விருப்பமிருந்தால்" என்று எழுது. "கருப்பு வேண்டாம்" என்ற வரியைப் பழைய அறிவிப்பிலிருந்து அப்படியே நகலெடுத்துவிடாதே, அந்த வாரம் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கருப்பிலும் நீலத்திலும்தான் இருப்பார்கள். வேட்டி கட்டிப் பழகாதவர்களுக்கு பெல்ட் போடச் சொல், மாடிப்படியில் கால் தடுக்காமல் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். சிறந்த உடைக்குப் பரிசு என்று ஒன்றை யாராவது கிளப்பினால் தட்டிக் கழித்துவிடு. சீருடையில் நிற்கும் காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் அந்தப் போட்டியில் எங்கே நிற்பார்கள்? அவர்கள் பணி மாறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த ஷிப்டில் வருபவர்களுக்கும் கிண்ணம் எடுத்து வை.

கரும்பை முன்தினமே கணு நீக்கி ஒரு சாண் துண்டாக வெட்டிவிடு. அலுவலகத்தில் இருக்கும் கேக் கத்தி கரும்புக்கு ஆகாது. சக்கைக்கு ஒரு கூடை தனியாக வை, இல்லையென்றால் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொள்ளும். பானையைச் சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுவிடு. வெல்லம் இறுகிவிட்டால் அடுத்த நாள் காலையில் நீதான் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருப்பாய்.

அன்புடன்,
அண்ணன்