வாடகைப் பாத்திரங்களின் குறைவுக் கணக்கும் பிடித்து வைத்த முற்பணமும் தொடர்பான புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

களுவாஞ்சிகுடியில் நடைபெற்ற எங்கள் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்காகத் தங்கள் நிறுவனத்திடம் பாத்திரங்களையும் பரிமாறும் சாமான்களையும் வாடகைக்குப் பெற்றோம். அவற்றைத் திருப்பிக் கொடுத்த பின்னர் 12 பீங்கான்களும் ஒரு கிடாரத்தின் மூடியும் குறைவதாகக் கூறி, முற்பணத்திலிருந்து 11,900 ரூபாயைத் தாங்கள் பிடித்துக்கொண்டது தொடர்பாகவே இதனை எழுதுகிறேன்.

பீங்கான்கள் கம்பித் தடுப்புள்ள கூடைகளில் வந்தன என்பது தங்களுக்குத் தெரியாததன்று. தங்கள் சிட்டையில் "கூடை 12, ஒன்றுக்கு 25, மொத்தம் 300" என அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் அந்தக் கூடையில் 24 தடுப்புகளே உள்ளன. இருபத்தைந்தாவது பீங்கானை எங்கு வைப்பது? பன்னிரண்டு கூடைகளிலும் கூடைக்கு ஒன்றாக விடுபட்டால் 12 குறையும், அதாவது வந்தவை 288 மட்டுமே. இவ்வளவு எளிய கணக்கைத் தங்கள் களஞ்சியத்தில் யாருமே போட்டுப் பார்க்கவில்லையா? லொறியில் வந்தவர் கூடைகளைத்தான் எண்ணி ஒப்படைத்தார், என் தம்பியும் கூடைகளை எண்ணியே கையொப்பமிட்டார். திரும்ப ஏற்றும்போது ஒரு தடுப்பும் வெறுமையாக இருக்கவில்லை.

இதனைச் சொல்வதற்காக நேரில் வந்தபோது, தங்கள் முன்மேசையில் இருந்த இளைஞர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாப்பிட்ட ஆக்கள் பேக்கில போட்டுக்கொண்டு போயிருப்பாங்க" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்களைத் திருடர் என்று சொல்ல அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கல்லடியில் உள்ள தங்கள் கடைக்கு அலைந்த பேருந்துச் செலவே வாடகையைத் தாண்டிவிடும் போலுள்ளது. தாச்சிகள், வாளிகள், அகப்பைகள், சேவிஸ் கரண்டிகள் அனைத்தும் சரியென்று அவரே குறித்துக் கொடுத்ததையும் இங்கு சொல்ல வேண்டும்.

கிடாரத்தின் மூடியைப் பொறுத்தவரை, நாங்கள் கொடுத்தது தங்களுடையது அன்று என்கிறார்கள். மூடியின் உட்புறத்தில் தங்கள் கடையின் சிவப்பு மைக்குறி பாதி அழிந்த நிலையில் இன்னும் தெரிகிறது. விறகடுப்புப் புகையும் சாம்பல் போட்டுத் தேய்ப்பதும் மையை அழிக்கும் என்பது பாத்திரம் வாடகைக்கு விடுபவருக்குத் தெரியாதா? அதைக் கிடாரத்தின் வாயில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதையும் அவர்கள் செய்யவில்லை.

ஆகவே, ஒரு கூடையையும் அந்த மூடியையும் என் முன்னிலையில் சரிபார்த்து, முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனிமேலாவது சாமான்கள் மண்டபத்தை விட்டுப் போகுமுன் இரு தரப்பாரும் எண்ணிக் கையொப்பமிடச் செய்யுங்கள். களஞ்சியத்தில் தனியே எண்ணிய கணக்கை நாங்கள் ஏற்க முடியாது. ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், சிட்டைப் பிரதியுடனும் கூடையின் புகைப்படத்துடனும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடி வாடிக்கையாளர்